சட்னியா, அரைத்த குழம்பா, தேங்காய்ப் பாலா: எல்டிஎல் ஏறிய வீட்டில் எதைக் குறைப்பது?

கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்லப்படும் எல்டிஎல் இரத்தத்தில் ஏறினால், "தேங்காயைக் குறைங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிடுவார். எந்தத் தேங்காயை, எவ்வளவு என்று அவருக்கும் சொல்ல நேரமிருக்காது, நமக்கும் கேட்கத் தோன்றாது. வீட்டுக்கு வந்ததும் ஒரு வாரம் தேங்காயே இல்லாமல் சமைப்பார்கள். இரண்டாவது வாரம் மீன்குழம்பில் கொஞ்சம் சேரும், மூன்றாவது வாரம் எல்லாம் பழையபடி. கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கம் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். அங்கே தேங்காயை மொத்தமாக நிறுத்தச் சொல்வது சமையலையே நிறுத்தச் சொல்வது மாதிரி.

அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. காலையில் சட்னி, மதியம் அரைத்துவிட்ட குழம்பு, விசேஷ நாளில் தேங்காய்ப் பால் ஊற்றிய சொதி. இந்த மூன்றில் எதை அப்படியே வைத்துக்கொள்ளலாம், எதை மாற்ற வேண்டும், எதை அபூர்வமாக்க வேண்டும்? பலரும் நினைப்பது தேங்காய்ப் பால்தான் வில்லன், சட்னி பாவம் சின்னது என்று. தினசரிக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி வருவதில்லை.

முதலில் ஒரு அடிப்படை. தேங்காயில் கொலஸ்ட்ரால் இல்லை என்பது உண்மைதான். எந்தத் தாவர உணவிலும் அது சொல்லும்படி இருக்காது. ஆனால் இரத்தத்தில் எல்டிஎல் ஏறுவதற்கு உணவில் கொலஸ்ட்ரால் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. இரத்தத்தில் சுற்றும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வது கல்லீரல். நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் அந்த வேலை மந்தமாகிறது, எல்டிஎல் இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. தேங்காய்க் கொழுப்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றதுதான். அதில் பாதிக்குப் பக்கமாக லாரிக் அமிலம். அது நல்ல கொழுப்பு என்று சொல்லப்படும் எச்டிஎல்லை ஏற்றும் என்பது சரி. ஆனால் எல்டிஎல்லையும் சேர்த்தே ஏற்றும். 2020-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 16 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. கடலை, சூரியகாந்தி போன்ற மற்ற தாவர எண்ணெய்களுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் சராசரியாக டெசிலிட்டருக்கு 10 மில்லிகிராம் கூடுதலாக இருந்தது, எச்டிஎல் 4 கூடியது.

"அப்படியானால் தேங்காயே தின்று வாழும் தீவுக்காரர்கள்?" என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. பசிபிக்கில் டோக்கெலாவ், புகாபுகா என்ற இரண்டு தீவுகளை ஒப்பிட்ட ஆய்வு 1981-இல் வந்தது. இரண்டு இடத்திலும் இதயநோய் குறைவு, உண்மைதான். அவர்கள் உணவு மீன், கிழங்கு, உடல் உழைப்பு என்று போனது. நம் உணவு பரோட்டாவும் நாற்காலியும். ஆனால் அதே ஆய்வில், தேங்காய் அதிகம் சாப்பிட்ட டோக்கெலாவ்காரர்களின் கொலஸ்ட்ரால் மற்றவர்களைவிட 35 முதல் 40 மில்லிகிராம் அதிகமாக இருந்தது. தேங்காய்க்கு ஆதரவாக இந்தத் தீவுகளைச் சொல்பவர்கள் இந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடுவார்கள்.

இன்னொரு பக்கமும் சொல்லவேண்டும். இலங்கையில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான ஆட்களுக்கு வாரத்தில் ஐந்து நாள், எட்டு வாரம் தேங்காய்ப் பால் கஞ்சி கொடுத்தார்கள். எல்டிஎல் ஏறவில்லை, சற்று இறங்கியே இருந்தது. தேங்காய்ப் பால் தொட்டாலே எல்டிஎல் எகிறிவிடும் என்ற பயத்துக்கு இது நல்ல பதில். ஆனால் அது அளந்து கொடுத்த ஒரு கிண்ணம் கஞ்சி. வீட்டில் இரண்டு தடவை ஊற்றிக்கொள்ளும் சொதிக்கு அந்த முடிவைப் பொருத்த முடியாது.

ஆக, எல்லாம் அளவில் வந்து நிற்கிறது. அளவைப் பிடிக்க ஒரு எளிய கணக்கு போதும். புதுத் தேங்காய்த் துருவலின் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு நிறைவுற்ற கொழுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். காய் இளசாக இருந்தால் கொஞ்சம் குறையும், முற்றியிருந்தால் கூடும். சமையலறைக்கு இந்தக் கணக்கே போதும். நடுத்தரத் தேங்காயில் ஒரு மூடியைத் துருவினால் 120 கிராம் அளவுக்கு வரும். அதில் 40 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. துருவல் ஒரு மேசைக்கரண்டி, தலைதட்டி எடுத்தால், 5 கிராம். அதாவது ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல். உங்கள் வீட்டுக் காய் பெரிதா சிறிதா என்பது தெரிய, ஒரு தடவை மட்டும் ஒரு மூடித் துருவலைத் தராசில் வைத்துப் பாருங்கள். அப்புறம் கண்ணளவே போதும்.

எதிர்ப்பக்கம் எல்லை என்ன? எல்டிஎல்லைக் குறைக்க வேண்டியவர்களுக்கு, நாள் முழுக்கச் சாப்பிடும் கலோரியில் 6 சதவீதத்துக்குள் நிறைவுற்ற கொழுப்பை நிறுத்தச் சொல்கிறது அமெரிக்க இதயச் சங்கம். எல்டிஎல் சரியாக இருப்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 10 சதவீதம். ஒரு நாளைக்கு 1800 கலோரி சாப்பிடுகிறவருக்கு முதல் எல்லை 12 கிராம், இரண்டாவது 20 கிராம். இதில் பால், எண்ணெய், முட்டை எல்லாம் சேர்ந்ததுதான் கணக்கு. தேங்காய்க்கு மட்டும் ஒதுக்கியதல்ல.

இப்போது ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நாகர்கோவில் பக்கம், நாலு பேர். கணவருக்கு வயது 52, எல்டிஎல் 162. சர்க்கரை இல்லை, மாரடைப்பு வந்ததில்லை. மூன்று மாதம் உணவில் பார்த்துவிட்டு மாத்திரையை முடிவு செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். காலை இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி. மதியம் அரைத்துவிட்ட மீன்குழம்பு, கூட ஒரு பொரியல். இரவு தோசைக்கு மிச்ச மீன்குழம்பு. ஞாயிற்றுக்கிழமை சில வாரம் சொதி.

சட்னி முதலில். நாலு பேருக்கு ஒரு மூடி, ஒரு கை பொட்டுக்கடலை, பச்சை மிளகாய், தேங்காய் எண்ணெயில் தாளிப்பு. ஆளுக்கு 30 கிராம் தேங்காய், அதாவது 10 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. எட்டு மணிக்கே அந்த நாளின் கோட்டாவில் பெரும்பகுதி காலி. சட்னியில் தப்பிக்க வழியே இல்லை, ஏனென்றால் அரைத்தது முழுவதும் வாய்க்குள் போகிறது. குழம்பு போலத் தட்டில் மிஞ்சாது, கிண்ணத்தின் அடியையும் இட்லியால் துடைத்து எடுத்துவிடுவோம். பச்சையாக அரைத்தால் கொழுப்பு சேராது, கொதித்தால்தான் கெட்டது என்று ஒரு நம்பிக்கை ஊர் ஊராக உண்டு. கொதிக்க வைப்பதால் தேங்காய்க் கொழுப்பு புதிதாக ஒன்றாக மாறிவிடுவதில்லை. பச்சையோ கொதித்ததோ, உள்ளே போகும் கிராம் அதேதான்.

அடுத்து மீன்குழம்பு. இங்கே ஒரு மூடித் தேங்காயை மல்லி, வத்தல், மஞ்சள், சிறு உள்ளியோடு மைபோல அரைத்துப் புளிக்கரைசலில் கரைக்கிறார்கள். ஆனால் அந்தச் சட்டி மதியமும் இரவும் நாலு பேருக்கு ஓடுகிறது. எட்டுப் பங்கு. ஒரு பங்குக்கு 15 கிராம் தேங்காய், 5 கிராம் கொழுப்பு. அதே ஒரு மூடிதான், ஆனால் ஒரு வேளைக்குச் சட்னியில் போவதில் பாதி. அரைத்த குழம்பின் பலம் இதுதான். தேங்காய் அங்கே தனியாகத் தின்னும் பொருளாக நிற்பதில்லை, புளியையும் மசாலாவையும் தாங்கிப் பிடிக்கும் பொருளாக நிற்கிறது. அளவைப் பாதியாக்கினாலும் குழம்பு குழம்பாகவே இருக்கும். சட்னியில் தேங்காயைப் பாதியாக்கினால் அது வேறு சட்னி.

தீயல் மட்டும் விதிவிலக்கு, கவனம் தேவை. தேங்காயை வறுக்கும்போது ஈரம் போய்ச் சுருங்குகிறது. இரண்டு கப் துருவல் ஒரு கைப்பிடியாகிவிடும். கண்ணுக்குக் கொஞ்சமாகத் தெரியும், கொழுப்பு அப்படியே இருக்கும். அரைக்கும்போது எண்ணெய் கக்கி மசாலா பளபளத்தால்தான் சரியான பதம் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்தப் பளபளப்பே எவ்வளவு கொழுப்பு அதில் இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிறது. தீயலுக்குத் தேங்காயை வறுக்கும் முன்பே அளந்துவிடுங்கள். கொப்பரையும் இதே ரகம். காய்ந்த கொப்பரையில் எடைக்குப் பாதிக்கு மேல் கொழுப்புதான், அதனால் கொப்பரை போட்ட இட்லிப்பொடியைச் சட்னிக்கு மாற்றாக நினைக்க வேண்டாம்.

பொரியல் மேல் தூவும் துருவலைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி என்றால் ஒன்றரை கிராம். அந்த ஒரு கரண்டிக்காக ஒரு பிடி பயறோ அவரையோ கூடுதலாக உள்ளே போகிறதென்றால், நல்ல பேரம். அவியல் அப்படியல்ல. அதில் தேங்காயும் அதிகம், இறக்கும்போது பச்சைத் தேங்காய் எண்ணெயும் ஊற்றுகிறோம். அதைக் குழம்பு வரிசையில் சேர்த்து எண்ணுங்கள்.

இனி தேங்காய்ப் பால். இதில் ஒரு முரண் இருக்கிறது. அரைத்துப் போடும்போது தேங்காய் முழுவதும் குழம்பில் இருக்கிறது. பால் பிழியும்போது சக்கையைத் தூக்கி எறிகிறோம், அதோடு கொழுப்பில் ஒரு பகுதியும் போய்விடுகிறது. வீட்டு மிக்ஸியில் அடித்துத் துணியில் பிழிந்தால் கொழுப்பில் ஏறக்குறைய 60 சதவீதம் பாலில் வருகிறது என்று வைத்துக் கணக்கிடலாம். ஆக, ஒரு மூடிக்கு ஒரு மூடி என்று பார்த்தால் பால்தான் இலேசானது. சொதி கனமாவது வேறு காரணத்தால். அதற்கு நாம் எடுக்கும் காய் அதிகம். நாலு பேர் சொதிக்கு ஒரு முழுத் தேங்காய் சாதாரணம், விருந்துச் சொதியென்றால் இன்னும் கூட. ஒரு முழுத் தேங்காயில் 80 கிராம், அதில் பாலுக்கு வருவது 48, ஆளுக்கு 12. ஒரே வேளை, ஒரே பதார்த்தம். சொதியைத் தொட்டுக்கொள்வதில்லை, சோற்றில் குளமாக ஊற்றிக்கொள்கிறோம். இரண்டாவது தடவை அதில் பாதி ஊற்றிக்கொண்டாலே 18 ஆகிவிடும்.

சக்கையோடு நார்ச்சத்தும் போய்விடுகிறதே, அதனால் அரைத்த தேங்காய்தான் உசத்தி என்று சிலர் வாதிடுவார்கள். ஓரளவு சரி, ஆனால் அதைப் பெரிதாக நம்ப வேண்டாம். ஒரு பங்கு குழம்பில் வரும் 15 கிராம் தேங்காயில் நார் ஒன்றரை கிராம்கூட இல்லை. அதுவும் பெரும்பாலும் கரையாத நார். எல்டிஎல்லை இறக்கக் கொஞ்சம் உதவுவது பருப்பு, பயறு, ஓட்ஸ், வெண்டைக்காய் போன்றவற்றில் இருக்கும் கரையும் நார். இந்த ஒப்பீட்டில் நார்ச்சத்தை ஓரமாக வைத்துவிடலாம்.

கடையில் பாக்கெட்டில் வாங்கும் பாலில் சக்கைக் கழிவு என்ற தப்பித்தலும் கிடையாது. கெட்டிப் பால் 200 மில்லி என்றால் அதில் 30 கிராமுக்கு மேலேயே நிறைவுற்ற கொழுப்பு இருக்கலாம். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அட்டையின் பின்னால் 100 மில்லிக்கு எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து வாங்குங்கள். இரண்டாம் பால் பதத்துக்குத் தண்ணீர் கலந்தே ஊற்றுங்கள், பாக்கெட்டை முழுதாகக் கவிழ்க்க வேண்டியதில்லை.

இப்போது அந்த நாகர்கோவில் வீட்டின் ஒரு சாதாரண வார நாளைக் கூட்டிப் பார்ப்போம். சட்னி 10, இரண்டு வேளை மீன்குழம்பு 10, பொரியல் கொஞ்சம் தாராளமாக 2.5. இரண்டு டம்ளர் கெட்டிப் பால் டீயில் 4, தாளிப்புக்கு ஆளுக்கு ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயில் 4. கிட்டத்தட்ட 30 கிராம். எல்லை 12. இதில் சொதியே இல்லை என்பதைக் கவனியுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை வரும் சொதியைத் திட்டிவிட்டு, வாரத்துக்கு ஏழு தடவை வரும் சட்னியை விட்டுவிட்டால் எண் நகராது.

என் தீர்ப்பு இதுதான்: குழம்பை வைத்துக்கொள்ளுங்கள், தேங்காயைப் பாதியாக்கி. சட்னியை மாற்றுங்கள். சொதியை ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டுங்கள்.

குழம்பில் ஒரு மூடிக்குப் பதில் அரை மூடி, அதாவது 60 கிராம். முதல் நாள் தண்ணீராக இருக்கிறது என்று புகார் வரும். காரணம் பெரும்பாலும் தண்ணீரை மட்டும் பழையபடி ஊற்றியிருப்பார்கள். தேங்காய் பாதியானால் தண்ணீரும் கால் பங்காவது குறைய வேண்டும். சிறு உள்ளியை இரண்டு மடங்காக்கி மசாலாவோடு அரைத்தால் குழம்பு திரளும். மல்லியை வறுத்து அரைத்தால் இன்னும் கெட்டியாகும். மைபோல அரைப்பதும் முக்கியம், திப்பித் திப்பியாக இருந்தால் அதே தேங்காய் அடியில் தங்கிவிடும், குழம்பு திரளாது. மோர்க்குழம்புக்கு நம் பாட்டிமார் ஊறவைத்த துவரம்பருப்பும் கொஞ்சம் அரிசியும் சேர்த்தே அரைத்தார்கள், அங்கே தேங்காயைக் குறைப்பது இன்னும் எளிது. குருமா என்றால் ஒரு பங்கு தேங்காய்க்குப் பதில் பொட்டுக்கடலையும் நாலைந்து முந்திரியும். முந்திரியில் கொழுப்பு உண்டு, ஆனால் நிறைவுற்றது தேங்காயில் இருப்பதில் கால் பங்கைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான்.

சட்னியில் இரண்டு வழி. தேங்காய்ச் சட்னி வேண்டும் என்ற நாளில் நாலு பேருக்கு 40 கிராம் துருவல், அதற்குச் சமமாகப் பொட்டுக்கடலை, இஞ்சி, ஒரு கைப்பிடி மல்லித்தழை. ஆளுக்கு மூன்று கிராம் சொச்சத்தில் முடியும். பொட்டுக்கடலை அதற்கு மேல் போனால் மாவு வாடை அடிக்கும், ஆறினதும் களிபோல இறுகும். ஒரு சின்னத் துண்டு புளியோ, பச்சையாக இரண்டு சிறு உள்ளியோ சேர்த்து அரைத்தால் அது தெரியாது. மற்ற நாளில் தக்காளி, புதினா, அல்லது நிலக்கடலைச் சட்னி. நிலக்கடலையில் ஆளுக்கு 30 கிராம் போனாலும் நிறைவுற்ற கொழுப்பு 2 கிராம்தான், கலோரி மட்டும் கூடும். தாளிப்புக்குக் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ போதும்.

சொதியைப் பொறுத்தவரை, திருநெல்வேலிச் சொதியில் ஏற்கெனவே பாசிப்பருப்பு வேகவைத்துச் சேர்ப்பது வழக்கம். அந்தப் பருப்பை இரட்டிப்பாக்கி, ஒரு முழுக் காய்க்குப் பதில் ஒரு மூடியில் இரண்டாம் பாலும் மூன்றாம் பாலும் எடுத்துக் காய்களை வேகவையுங்கள். முதல் பாலைக் கடைசியில், அடுப்பை அணைக்கும் முன் ஊற்றி நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள். முதல் பாலின் வாசம் மேலாக நிற்பதால் குறைத்தது நாக்குக்குத் தெரியாது. தளதளவென்று கொதிக்கவிட்டால் பால் திரிந்து எண்ணெய் பிரியும், கொஞ்சமாக இருக்கும் பாலில் அது இன்னும் அசிங்கமாகத் தெரியும். எலுமிச்சம்பழச் சாறு இறக்கின பிறகுதான். இப்படிச் செய்தால் ஆளுக்கு 6 கிராம். அன்றைக்குக் காலை சட்னியும் இரவு குழம்பும் தேங்காய் இல்லாமல் இருக்கட்டும். யாழ்ப்பாணத்துப் பழக்கத்தில் இடியப்பத்துக்குச் சொதியும், தேங்காய்த் துருவலில் இடிக்கும் சம்பலும் சேர்ந்தே வரும். அங்கே சொதி தண்ணீராகத்தான் இருக்கும், கையைக் கட்ட வேண்டியது சம்பலில்.

இந்த மாற்றங்களோடு அதே வார நாளைக் கூட்டினால், சட்னி 3.3, இரண்டு வேளை குழம்பு 5, பொரியல் 1.6, கொழுப்பு குறைந்த பாலில் டீ 2, கடலை எண்ணெய் 1. சுமார் 13 கிராம். தேங்காய்ச் சட்னி இல்லாத நாளில் 12-க்குள் வந்துவிடும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டி. அவருக்கு மட்டும் தனியாகச் சமைக்கும் ஏற்பாடு எந்த வீட்டிலும் ஒரு மாதம் தாண்டிப் பார்த்ததில்லை.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். சட்னி சப்பென்றிருக்கிறது என்று இரண்டு இட்லி கூடுதலாகப் போனாலோ, குழம்பில் குறைத்ததை நெய்யில் ஈடுகட்டினாலோ கணக்கு உடைந்துவிடும். கொழுப்பு போன இடத்தில் சோறும் இட்லியும் வந்தால் எல்டிஎல் கொஞ்சம் இறங்கும், ஆனால் இரத்தத்தில் இருக்கும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு ஏறும். அந்த இடத்தில் பருப்பு, கடலை, மீன், காய் வந்தால்தான் முழுப் பலன்.

எவ்வளவு இறங்கும்? நிறைவுற்ற கொழுப்பிலிருந்து வரும் கலோரியை 1 சதவீதம் குறைத்து வேறு உணவால் நிரப்பினால் எல்டிஎல் சராசரியாக 1.3 முதல் 2 மில்லிகிராம் வரை குறையும் என்பது பல சோதனைகளைத் தொகுத்துக் கண்ட அளவு. இந்த வீட்டுக்காரர் 30-இலிருந்து 13 கிராமுக்கு வந்தால் அது எட்டு சதவீதத்துக்கு மேல். 162 என்பது 145-க்கும் 151-க்கும் நடுவே எங்காவது வரும் என்று எதிர்பார்க்கலாம். ஆளுக்கு ஆள் மாறும், சிலருக்கு அதிகம், சிலருக்கு அசையவே அசையாது. இரண்டு வாரத்தில் பரிசோதித்துவிட்டு ஏமாறவும் வேண்டாம். ஆறு வாரம் முதல் மூன்று மாதம் கழித்து, முதலில் எடுத்த அதே லேபில் எடுங்கள். உணவில் எதையும் மாற்றாமலேயே எல்டிஎல் ஒரு தடவைக்கு இன்னொரு தடவை பத்துப் பதினைந்து ஏறி இறங்கக்கூடும். அதனால் 162 போய் 156 வந்தால் அதை வெற்றியாகவும் எடுக்க முடியாது, தோல்வியாகவும் எடுக்க முடியாது. இன்னொரு தடவை பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எல்டிஎல் 190-க்கு மேல் இருந்தால், சர்க்கரை இருந்தால், ஏற்கெனவே மாரடைப்பு வந்திருந்தால் இந்த ஒப்பீடு முழுக்கவே துணைக்கு மட்டும். அங்கே மாத்திரைதான் முதல், சட்னிக் கணக்கை நம்பி அதை நிறுத்தக் கூடாது. குடும்பத்தில் 40, 45 வயதிலேயே மாரடைப்பு வந்தவர்கள் இருந்து, ஒல்லியான ஆளுக்கும் 200-க்குப் பக்கத்தில் எல்டிஎல் நின்றால், அது பரம்பரையாக வருவதாக இருக்கலாம். அதை டாக்டரிடம் சொல்லிப் பிள்ளைகளுக்கும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.